பிரான்சில் கார் மோதல்: கொன்ஸ்தா படிவத்தின் தமிழ் விளக்கமும் எடுக்க வேண்டிய படங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொன்ஸ்தா படிவம் தமிழில் கிடைக்குமா? நாங்களே மொழிபெயர்த்து அதில் எழுதலாமா?

தமிழில் அச்சிட்ட படிவம் இல்லை. ஆனால் வாகனங்கள் மோதினால் இரு சாரதிகளும் சேர்ந்து நிரப்பிக் காப்புறுதிக்கு அனுப்பும் கொன்ஸ்தா அமியாப்ல் ஒரு ஐரோப்பியப் பொதுப் படிவம். பிரெஞ்சுப் படிவத்தில் 9ஆம் கட்டம் சாரதியைப் பற்றியது என்றால், ஜேர்மன் படிவத்திலும் இத்தாலியப் படிவத்திலும் அதே இடத்தில் அதே 9தான். ஆகவே இலக்க வாரியாக ஒரு தமிழ் விளக்கத்தை வேறு தாளில் எழுதிப் படிவத்தோடு சேர்த்துக் காரில் வைத்தால் போதும். மற்றச் சாரதி ஜேர்மன்காரராக இருந்தாலும் இருவரும் ஒரே கட்டத்தைத்தான் பார்ப்பீர்கள்.

படிவத்தின் மேல் தமிழில் எழுத வேண்டாம். முன்பக்கம் இருவரும் ஒப்பமிடும் சாட்சியப் பத்திரம். அங்கே எழுதுவது கீழ்ப்பிரதியிலும் பதியும். காப்புறுதி அலுவலர் வாசிக்க முடியாத வரி உங்களுக்கு எந்த உதவியும் செய்யாது.

1 முதல் 11 வரையான கட்டங்கள் என்ன கேட்கின்றன?

1 திகதியும் நேரமும், 2 இடம். நகரின் பெயர் மட்டும் எழுதினால் போதாது. வீதியின் பெயர், அருகிலுள்ள கதவிலக்கம், சந்தி என்றால் இரண்டு வீதிகளின் பெயர்கள் ஆகியவற்றை எழுதுங்கள்.

3 காயம்: 'சிறிதென்றாலும் காயப்பட்டவர் உண்டா' என்பதுதான் கேள்வி. கழுத்து இழுக்கிறது, நெஞ்சில் பெல்ட் அழுத்தியது என்றாலும் 'ஆம்' என்றே குறிக்க வேண்டும். பலர் இரத்தம் வந்தால்தான் காயம் என்று நினைத்து 'இல்லை' போட்டுவிடுகிறார்கள்.

4 A, B வாகனங்களைத் தவிர வேறு வாகனமோ, மதில், கம்பம் போன்ற பொருளோ சேதமானதா என்பது. 5 சாட்சிகள். உங்கள் காரில் இருந்தவரின் பெயரை எழுதலாம். அவர் உங்களோடு பயணித்தவர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெளியாள் ஒருவரின் சாட்சிக்கு எப்போதும் கூடுதல் மதிப்பு உண்டு.

6, 9 ஆகிய இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 6 காப்புறுதி யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர். 9 அந்த நேரத்தில் ஓட்டியவர். அண்ணனின் காரைத் தம்பி ஓட்டினால் 6இல் அண்ணன், 9இல் தம்பி. இரண்டிலும் ஒரே பெயரை எழுதினால் பின்னர் 'யார் ஓட்டியது' என்ற கேள்வி வரும்.

7 வாகனத்தின் தயாரிப்பு, வகை, பதிவிலக்கம். 8 காப்புறுதி நிறுவனம், ஒப்பந்த இலக்கம், முகவர். இந்தக் கட்டத்தில் 'வாகனத்தின் பொருட்சேதம் ஒப்பந்தத்தில் அடங்குமா' என்ற கேள்வியும் உண்டு. உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கும் காப்பு இருக்கிறதா என்பதே அதன் பொருள். து ரிஸ்க் எனும் முழுக் காப்புறுதி வைத்திருப்பவர் 'ஆம்' என்று குறிக்க வேண்டும்.

10இல் உள்ள கார்ப் படத்தில், முதலில் அடி விழுந்த இடத்தை ஓர் அம்புக்குறியால் காட்ட வேண்டும். 11இல் கண்ணுக்குத் தெரியும் சேதம். உள்ளே என்ன உடைந்தது என்று ஊகிக்க வேண்டாம். 'முன் பம்பர், வலது முன் விளக்கு, வலது முன் மட்கார்ட்' என்று தெரிவதை எழுதுங்கள். கழற்றிப் பார்க்கும்போது வேறு சேதம் தெரிந்தால், அது 10இல் காட்டிய அடியோடு பொருந்துகிறதா என்று காப்புறுதிக்காகச் சேதத்தை மதிப்பிடும் எக்ஸ்பேர் பார்ப்பார்.

12ஆம் கட்டத்தில் உள்ள 17 வரிகளும் தமிழில் என்ன?

ஒவ்வொரு வரிக்கும் எழுவாய் 'என் வாகனம்' என்று வைத்து வாசியுங்கள். A நிரலில் A சாரதி மட்டும், B நிரலில் B சாரதி மட்டும் புள்ளடி இட வேண்டும். A நீலம், B மஞ்சள். யார் A, யார் B என்பது குற்றத்தோடு சம்பந்தப்பட்டதல்ல.

1. வீதியோரம் தரித்து நின்றது / போக்குவரத்தின் நடுவே நின்றது
2. தரிப்பிடத்தை விட்டுப் புறப்பட்டது / கதவு திறக்கப்பட்டது
3. தரிப்பதற்காக இடம் எடுத்துக்கொண்டிருந்தது
4. வாகனத் தரிப்பிடம், தனியார் வளவு அல்லது மண் பாதையிலிருந்து வெளியே வந்தது
5. அப்படியான இடத்துக்குள் நுழைந்தது
6. சுற்றுவட்டத்துக்குள் நுழைந்தது
7. சுற்றுவட்டத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது
8. ஒரே திசையில், ஒரே தடத்தில் போகும்போது முன்னால் போன வாகனத்தின் பின்பக்கத்தில் மோதியது
9. ஒரே திசையில், ஆனால் வேறு தடத்தில் ஓடியது
10. தடம் மாறியது
11. முந்திச் சென்றது
12. வலப்பக்கம் திரும்பியது
13. இடப்பக்கம் திரும்பியது
14. பின்னோக்கி வந்தது
15. எதிர்த்திசைக்கு ஒதுக்கிய பகுதிக்குள் புகுந்தது
16. சந்தியில் வலப்பக்கமிருந்து வந்தது
17. முன்னுரிமைப் பலகையையோ சிவப்பு விளக்கையோ கவனிக்கவில்லை

1, 2ஆம் வரிகளில் சாய்கோட்டின் இரு பக்கத்திலும் இரண்டு வேறு நிலைமைகள் உள்ளன. பொருந்தாததை வெட்ட வேண்டும். சிவப்பு விளக்கில் நின்றது வேறு, வீதியோரம் தரித்து நின்றது வேறு. பட்டியலுக்குக் கீழே ஒவ்வொருவரும் தாம் இட்ட புள்ளடிகளின் எண்ணிக்கையை எழுதும் சதுரம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டால், பின்னர் யாராவது ஒன்றைக் கூட்டினாலும் தெரியாது.

இவற்றில் ஆட்கள் எங்கே தவறு விடுகிறார்கள்?

முதலாவது 16. பிரான்சில் பலகை எதுவும் இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. இந்தப் புள்ளடி இடுபவருக்குச் சாதகமானது. ஆனால் இடப்பக்கமிருந்து வந்த சாரதி, 'ஓம், அவர் வலப்பக்கமிருந்து வந்தார்' என்று நினைத்துத் தன் நிரலில் 16ஐக் குறிப்பார். 'என் வாகனம் வலப்பக்கமிருந்து வந்தது' என்று அவர் சொல்லிவிட்டதாக ஆகிறது. இரண்டு நிரலிலும் 16 இருந்தால் அலுவலர் குழம்பிப்போவார். எழுவாயை வைத்து வாசித்தால் இந்தத் தவறு வராது.

இரண்டாவது 6உம் 7உம். சுற்றுவட்டத்தின் வாசலில் மோதிய இருவரும் தாங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்ததாகவே நினைப்பார்கள். முன்னுரிமை உள்ளே ஓடுபவருக்கு. யாருடைய காரின் எந்த மூலை எங்கே இருந்தது என்பதைப் படம்தான் சொல்லும். அதனால் சுற்றுவட்டத்தில் மோதினால் புள்ளடி இடுவதற்கு முன்னரே, ஆபத்தில்லை என்றால், படம் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது 8. இது பின்னால் மோதியவரை முழுப் பொறுப்பாளியாக்கும் வரி. அதிலுள்ள 'ஒரே தடத்தில்' என்ற நிபந்தனையைப் பார்க்காமலேயே பலர் குறித்துவிடுகிறார்கள். அதைத்தான் அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்க்கிறோம்.

'நீங்கள்தான் பின்னால் அடித்தீர்கள், 8இல் புள்ளடி போடுங்கள்' என்று மற்றவர் சொல்கிறார். போட வேண்டுமா?

ஓர் உதாரணம் எடுப்போம். ஒரே திசையில் இரண்டு தடங்கள் கொண்ட வீதி. A இடது தடத்தில் நேராகப் போகிறார். வலது தடத்தில் சற்று முன்னால் போகும் B இடது தடத்துக்குள் வருகிறார். A பிரேக் பிடித்தும் அவருடைய வலது முன் மூலை, B காரின் இடது பின் மட்கார்டில் உரசி மோதுகிறது. B இறங்கிவந்து, 'பின்னால் வந்தவர் நீங்கள்தானே' என்கிறார்.

A 8ஐக் குறிக்கக் கூடாது. மோதும் நேரத்தில் இருவரும் ஒரே தடத்தில் இருக்கவில்லை. A குறிக்க வேண்டியது 9. B குறிக்க வேண்டியது 10. படிவம் இப்படிப் போனால் தடம் மாறிய B பக்கமே பொறுப்பு. A 8ஐக் குறித்து B எதையும் குறிக்காவிட்டால் பொறுப்பு முழுவதும் A மேல் விழும். முழுப் பொறுப்பு என்றால், காப்புறுதிக் கட்டணத்தைக் கூட்டிக் குறைக்கும் போனஸ்-மாலுஸ் கணக்கில் 25 வீதம் ஏறும். அரைவாசிப் பொறுப்பு என்றால் 12.5 வீதம்.

இப்போது B 10ஐக் குறிக்க மறுக்கிறார் என்று வையுங்கள். A தன் நிரலில் 9ஐ மட்டும் குறித்து, 13ஆம் கட்டப் படத்தில் B கார் கோட்டைக் கடந்துகொண்டிருப்பதாக வரைந்து, 14ஆம் கட்டத்தில் 'B தடம் மாறினார்' என்று எழுத வேண்டும். இரண்டு பக்கமும் முரண்பட்டு வேறு சான்றும் இல்லை என்றால், பெரும்பாலும் அரைக்கு அரை என்று முடிப்பார்கள். அதைத் தவிர்க்க உதவுவது சேதம் விழுந்த இடம். A உண்மையாகவே ஒரே தடத்தில் பின்னால் வந்து அடித்திருந்தால் B காரின் பின் பம்பரின் நடுவில் அடி இருக்கும். இங்கே B காரின் இடது விலாவில் நீளமான உரசலும், A காரின் வலது மூலையில் மட்டும் உடைவும் இருக்கின்றன. அந்த உரசலைப் பக்கவாட்டில் நின்று நெருக்கமாக ஒரு படம், B காரின் சக்கரங்களுக்குக் கீழே தடக்கோடு தெரியும்படி ஒரு படம் ஆகிய இரண்டும் A உடைய சொல்லுக்குப் பலம் சேர்க்கும்.

13இல் படம் வரையும்போதும் 14இல் எழுதும்போதும் எதைக் கவனிக்க வேண்டும்?

வரைய வேண்டியது மோதிய கணத்தின் நிலை. மோதிய பிறகு கார்கள் உருண்டுபோய் நின்ற நிலையை அல்ல. வீதிக் கோடுகள், இரு வாகனங்களும் வந்த திசைக்கு அம்புக்குறி, A, B எழுத்துக்கள், பலகைகளும் விளக்குகளும், வீதிப் பெயர்கள் இவ்வளவும் இருக்க வேண்டும். அழகாக வரைய வேண்டியதில்லை. புள்ளடி ஒன்று சொல்லிப் படம் வேறொன்றைச் சொன்னால் புள்ளடியையே பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே படத்தை நம்பிப் புள்ளடியில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

14 உங்கள் குறிப்புக்கான இடம். மற்றவர் எழுதியதோடு உடன்பாடில்லை என்றால் அதை ஒப்பமிடுவதற்கு முன் இங்கேதான் எழுத வேண்டும். 'B குறித்தது சரியல்ல', 'B தடம் மாறினார்', 'ஒப்பமிட மறுத்தார்' போன்ற நாலைந்து சிறு வசனங்களைப் பிரெஞ்சில் எழுதத் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே எழுதுவித்து, தமிழ் விளக்கத் தாளின் பின்பக்கத்தில் வைத்திருங்கள். வீதியில் நின்று பதற்றத்தோடு எழுதுவதை விட அதைப் பார்த்து எழுதுவது எளிது. மன்னிப்புக் கேட்கும் வசனமோ 'என் பிழை' என்ற வசனமோ தேவையில்லை. ஒப்பமிடுவது குற்றத்தை ஏற்றுக்கொள்வதாகாது என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

மொழி விளங்காமல் அவசரமாக ஒப்பமிடச் சொன்னால்?

விளங்காத வரிக்குக் கீழே ஒப்பமிட வேண்டாம். போனில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரை அழைத்து, 12ஆம் கட்டத்தில் இரு நிரலிலும் எந்த எந்த இலக்கத்தில் புள்ளடி இருக்கிறது என்று சொல்லுங்கள். இலக்கம் தெரிந்தாலே அவரால் நிலைமையைப் பிடிக்க முடியும். ஒப்பமிட்டுப் பிரதியைப் பிரித்த பிறகு முன்பக்கத்தில் எதையும் மாற்றக் கூடாது. ஒரு பிரதியில் இருப்பது மற்றதில் இல்லை என்றால், மாற்றியவர்மேல்தான் சந்தேகம் விழும்.

மற்றவர் ஒப்பமிட மறுத்தாலோ போய்விட்டாலோ நீங்கள் உங்கள் பக்கத்தை நிரப்பி, அவருடைய பதிவிலக்கத்தை 7இல் எழுதி, மறுத்ததை 14இல் குறித்து, நீங்கள் மட்டும் ஒப்பமிட்டு அனுப்புங்கள். அப்படியான நேரத்தில் 5ஆம் கட்டத்துச் சாட்சி மிக முக்கியம். மூன்று கார்கள் தொடராக மோதினால் நடுவிலுள்ளவர் முன்னால் உள்ளவரோடு ஒன்று, பின்னால் உள்ளவரோடு ஒன்று என்று இரண்டு கொன்ஸ்தா நிரப்ப வேண்டும்.

எந்தப் படங்களை, எந்த ஒழுங்கில் எடுக்க வேண்டும்?

முதலில் பாதுகாப்பு. அபாய விளக்கைப் போட்டு, இறங்குவதற்கு முன் மஞ்சள் மேலங்கியை அணிந்து, முக்கோணத்தைக் குறைந்தது 30 மீட்டர் தூரத்தில் வையுங்கள். ஒத்தோரூத் எனும் அதிவேக வீதி என்றால் முக்கோணம் வைக்கப் போகாமல் எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய்விட வேண்டும். அங்கே படத்துக்காக வீதியில் நிற்பது உயிராபத்து.

ஊர் வீதியில் நிற்க முடியும் என்றால், கார்களை நகர்த்துவதற்கு முன் தூரத்துப் படங்கள். ஏறத்தாழ 10, 15 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு காரும் வீதிக் கோடுகளும் ஒரே படத்தில் வரும்படி நாலு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று. ஒவ்வொரு சாரதியும் வந்த திசையிலிருந்து அவர் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும் என்று காட்டும் படமும் வேண்டும். பலகையை மரக்கிளை மறைத்திருந்தால் அது அதில் தெரியும். நகர்த்தச் சொல்லி ஹோன் அடிக்கிறார்கள் என்றால் இந்த ஆறு படங்களை மட்டுமாவது எடுத்துவிட்டு நகர்த்துங்கள்.

அடுத்து தரையில் இருப்பவை: உடைந்த கண்ணாடி, பிளாஸ்ரிக் துண்டுகள், டயர் அடையாளம். கார்கள் நகர்ந்த பிறகும் துண்டுகள் மோதிய இடத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கும்.

பிறகு சேதம். ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்று, கிட்ட ஒன்று. கிட்ட எடுக்கும்போது எந்தக் காரின் எந்தப் பக்கம் என்று பின்னர் தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு காரிலும் பதிவிலக்கமும் சேதமும் சேர்ந்து வரும் ஒரு படமாவது வேண்டும். மற்றவரின் காரில் ஏற்கெனவே இருந்த பழைய அடியையும் துருவையும் எடுங்கள். இந்த மோதலோடு சேர்த்து அதற்கும் பணம் கேட்பது நடக்கிற விஷயம்தான். உங்கள் காரின் சேதமில்லாத பக்கங்களையும் எடுத்தால், இழுத்துச்செல்லும்போது புதிதாக விழும் அடியைப் பிரித்துக் காட்டலாம்.

கடைசியாக, ஒப்பமிட்ட கொன்ஸ்தாவின் முன்பக்கம் முழுவதும். நாலு ஓரமும் தெரிய, நிழல் விழாமல். கீழ்ப்பிரதி பல நேரம் மங்கலாக இருக்கும். மேல் பிரதி மற்றவரிடம் போவதென்றால் அதையே படமெடுங்கள்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அளவு குறையும், எடுத்த நேரத் தகவலும் போய்விடும். மூலப் படத்தைப் போனில் அழிக்காமல் வைத்து, அனுப்பும்போது ஆவணமாக அனுப்புங்கள். டாஷ்காம் இருந்தால் அன்றே அந்தப் பதிவைத் தனியாகச் சேமிக்க வேண்டும். அது சுற்றிச் சுற்றிப் பழையதன் மேல் எழுதும்.

படம் தவிர வேறு என்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

மற்றவரின் பதிவிலக்கம் முதலாவது. முன்பெல்லாம் கண்ணாடியில் ஒட்டிய பச்சைச் சதுரத்தைப் படமெடுத்தால் காப்புறுதி விபரம் கிடைத்துவிடும். 2024 ஏப்ரல் 1 முதல் அந்தச் சதுரமும் பச்சை அட்டையும் இல்லை. காப்புறுதி உள்ளதா என்பதைப் பதிவிலக்கத்தை வைத்துத் தரவுக்கோப்பில் பார்க்கிறார்கள். ஆகவே ஓர் எழுத்துப் பிழைத்தாலும் சிக்கல். பதிவிலக்கத்தைப் படிவத்தில் எழுதிய பின் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காப்புறுதி நிறுவனம் கொடுத்த மெமோ தாளில் 8ஆம் கட்டத்துக்கு வேண்டியவை இருக்கும். உங்களுடையதை காரில் வைத்திருங்கள்.

சாட்சியின் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி. இலக்கத்தை வாங்கியதும் ஒரு மிஸ் கோல் கொடுத்துச் சரிபாருங்கள். பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் கடையின் பெயரையும் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் குறியுங்கள். பதிவை நீங்கள் எடுக்க முடியாது. அழிவதற்கு முன் கேட்கும்படி காப்புறுதிக்குச் சொல்லலாம். காரில் இருந்த ஒவ்வொருவரின் பெயரும் அவர் இருந்த இருக்கையும் முக்கியம். 1985ஆம் ஆண்டின் பதெந்தேர் சட்டப்படி காயப்பட்ட பயணிக்கு இழப்பீட்டு உரிமை உண்டு. அன்று காரில் இருந்தார் என்பது எங்காவது பதிவாகியிருக்க வேண்டும்.

போனில் நிரப்பும் e-constat auto போதுமா?

விபத்து பிரான்சில் நடந்து, இரண்டு வாகனங்களுக்கு மேற்படாமல், இரண்டும் பிரான்சில் பதிவானவையாக, ஒருவருக்கும் காயமில்லை என்றால் போதும். அந்த நிபந்தனையில் ஒன்று தவறினாலும் தாள் படிவம்தான். கேள்விகள் அதேதான். ஆகையால் மேலே உள்ள தமிழ் விளக்கம் அதற்கும் பொருந்தும்.

எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும்? பின்பக்கத்தை எப்போது நிரப்புவது?

ஐந்து வேலை நாட்களுக்குள். பின்பக்கம் உங்கள் சொந்த அறிவிப்பு. அதை வீட்டில் ஆறுதலாக நிரப்பலாம், மற்றவருக்குக் காட்டத் தேவையில்லை. காரை எங்கே பார்க்கலாம், பொலிஸ் அறிக்கை உண்டா, காயப்பட்டவர் யார் என்பவற்றை அங்கே எழுதுவீர்கள். ஆனால் முன்பக்கத்தில் விட்ட பிழையைப் பின்பக்கத்தில் திருத்த முடியாது.

3ஆம் கட்டத்தில் 'இல்லை' போட்ட பிறகு மறுநாள் கழுத்து வலி வந்தால், உடனே மருத்துவரிடம் போய்ச் சான்றிதழ் எடுத்து, அதன் பிரதியோடு காப்புறுதிக்கு எழுத்தில் அறிவியுங்கள். எக்ஸ்பேர் பார்க்கும் வரை காரைத் திருத்தக் கொடுக்க வேண்டாம். உடைந்த விளக்கையும் பம்பர் துண்டுகளையும் எறியாமல் டிக்கியில் போட்டு வையுங்கள்.